சுண்டுவின் அளவுகள்

மெயில் வந்து ஒரு வாரமாகியும் அவன் அதைத் திறக்கவில்லை. அனுப்பியவள் மனைவி. சட்டப்படி இன்னும் மனைவிதான். மற்றபடி இருவரும் வேறு வேறு வீடுகளில் இருந்தார்கள். மெயிலின் தலைப்பில் 'லோகோ' என்று ஒரே ஒரு வார்த்தை. பக்கத்தில் ஒரு கோப்பு இணைந்திருப்பதன் அடையாளம். கோப்பில் என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். வரைந்ததே அவன்தான்.

அவன் வேலை பார்த்த டிசைன் அலுவலகம் ஒரு கட்டிடத்தின் முதல் மாடியில், ஒரே நீள அறையாக இருந்தது. கீழே சாவிக்கு நகல் எடுக்கும் கடை. சக்கரம் சாவியைத் தேய்க்கும் சத்தம் நாள் முழுக்கப் படியேறி வந்துகொண்டிருக்கும். மாடியில் நான்கு மேசைகள். அடுத்த மேசையில் இருந்த பெண் வயதில் எல்லோருக்கும் இளையவள். ஆனாலும் முதலாளி உட்பட எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவள் போடும் அதட்டல் அப்படி. அவன் இங்கே சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. தன்னைப் பற்றி யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. தனியாக இருக்கிறான், பகலில் ரொட்டி சாப்பிட மாட்டான் என்பதற்கு மேல் அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது.

அன்று காலை பதினோரு மணி வாக்கில் மனைவியே படியேறி வந்துவிட்டாள். தலைமுடியை ஏனோதானோ என்று முடிந்திருந்தாள். முழங்கைக்குக் கீழே மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அப்படியே கிளம்பியிருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. நல்ல வேளையாக அக்கா அச்சகத்துக்குப் போயிருந்தாள். முதலாளி கடைசி மேசையில் போனில் யாரிடமோ வழவழவென்று பேசிக்கொண்டிருந்தார்.

"மெயில் பாத்தீங்களா?" என்றாள்.

"இல்ல."

"பாக்க மாட்டீங்கன்னு தெரியும். அதான் வந்தேன்."

அவன் அக்காவின் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து அவன் முன்னால் மேசையில் வைத்தாள்.

"வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் குடுக்கிற கம்பெனில நம்ம கடையச் சேத்திருக்கேன். அவங்க லோகோ கேட்டாங்க. பின்னாடி எந்தக் கலரும் இருக்கக் கூடாதாம், நாலு சைஸ்ல வேணுமாம். என்கிட்ட பெட்டி அச்சடிக்கிறவர் வெச்சிருந்த அந்த ஒரு பக்கம் பிடிஎஃப்தான் இருக்கு. தம்பி எதோ ஒரு வெப்சைட்ல போட்டு மாத்திக் குடுத்தான். மாத்தினதப் பாருங்க."

திரையில், கம்பெனி முன்னோட்டமாக அனுப்பியிருந்த கடைகளின் வரிசை. போன் இருட்டு நிறத்தில் வைக்கப்பட்டிருந்ததால் பின்னணி முழுக்கக் கறுப்பு. நடுவில் அவள் கடை. பழுப்பு நிறத்தில், மேலே வளைந்த அடுப்பு வடிவம். அதைச் சுற்றிலும் எலி கடித்தது போல வெள்ளைப் பிசிறு. அடுப்பின் நடுவே, முதுகு காட்டி, ஒரு கையைத் தூக்கி, நுனிக்காலில் எம்பி நிற்கும் சின்னப் பையன்.

வெள்ளையாக இருக்க வேண்டிய பையன் கறுப்பாக இருந்தான். வெட்டி எடுத்தாற்போல, ஒரு பள்ளம் போல.

அவன் போனைத் திருப்பிக் குப்புற வைத்தான்.

"தம்பியத் திட்டிட்டேன்," என்றாள் அவள். "பாவம், அவனும் அழுதுட்டான். நாளைக்குள்ள சரியான படம் வரலைன்னா இதையே போட்டு ஆரம்பிச்சுருவாங்களாம். வேற யார்கிட்டயாவது போகலாம்னு பாத்தேன். முடியல. முன்ன பின்ன தெரியாத ஆள் உக்காந்து அவன்மேல கை வெக்கிறத..."

அவன் மெயிலைத் திறந்தான்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் பேக்கரி ஆரம்பித்தபோது லோகோ எதுவும் இல்லை. பெயர்ப்பலகையில் கடைப் பெயர் மட்டும்தான். பிறகு சுண்டு பிறந்தான். நடக்க ஆரம்பித்ததும் கடையிலேயே வளர்ந்தான். அடுப்பின் கண்ணாடிக்குள் ரொட்டி உப்பி எழுவதைப் பார்ப்பது அவனுக்குப் பெரிய வேடிக்கை. கண்ணாடி எட்டாது. கிட்டப் போனால் சுடும் என்று தரையில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்கள். கோட்டின் மேல் நின்று, ஒரு குதிகாலைத் தூக்கி, கழுத்தை நீட்டி, ஒரு கையைக் காற்றில் உயர்த்திக்கொண்டு பார்ப்பான். உச்சந்தலையில் ஒரு கொத்து முடி எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் அடங்காமல் நட்டுக்கொண்டு நிற்கும். அப்படி நின்றபோது ஒருநாள் இவன் பின்னாலிருந்து எடுத்த படத்தைத்தான் கணினியில் வைத்து ஓரம் பிடித்து வரைந்தான். ஒரு மத்தியானத்தில் முடிந்த வேலை. அவளிடம் காட்டியபோது, "முகம் தெரியல, ஆனா பாத்த உடனே அவன்தான்னு தெரியுது," என்று சிரித்தாள். பெட்டிகளிலும் பைகளிலும் சுண்டு ஏறினான். கடைக்கு வருகிறவர்கள் பெட்டியைக் காட்டி, "இது நீயா?" என்று கேட்டால், "நான் இங்க இருக்கேன், அது வேற," என்பான்.

நாலாவது பிறந்தநாள் முடிந்து சில மாதங்களில் ஒரு காய்ச்சல் வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்தான். திரும்பி வரவில்லை.

அதன் பிறகு ஒருநாள் இவன் தெருவில் நடந்துபோகும்போது, குப்பைத் தொட்டியிலிருந்து விழுந்த பேக்கரிப் பெட்டி ஒன்று சாலையில் தட்டையாகக் கிடந்தது. மேலே வண்டிச் சக்கரத்தின் தடம். அடுப்புக்கு முன்னால் நின்ற பையனின் முதுகு மேலேயே ஏறிப் போயிருந்தது. இவன் நடுச்சாலையில் உட்கார்ந்து பெட்டியைப் பொறுக்கினான். பின்னால் வந்த வண்டிக்காரன் கத்தினான். அன்று வீட்டுக்குப் போய், லோகோவை மாற்றிவிடலாம் என்றான். அவள் மாட்டேன் என்றாள். மாதக்கணக்கில் அதே பேச்சு. "ஊர்ல இருக்கிற குப்பைத் தொட்டி எல்லாத்துலயும் என் பிள்ளை கிடக்கிறான்," என்று இவன் ஒருநாள் குரலை உயர்த்தினான். "அவன் நிக்கிறதுக்கு இது ஒரு இடம்தான் மிச்சம். அதையும் புடுங்கிக்கணுமா?" என்று அவள் கேட்டாள். இரண்டும் நியாயம்தான். இரண்டு நியாயமும் ஒரு வீட்டுக்குள் இருக்க முடியாமல் போனதில் இவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். வரையப்பட்ட மூலக் கோப்பு பழைய கணினியோடு செத்துப் போயிருந்தது. அதை மீட்க இவன் ஒரு முயற்சியும் எடுக்கவில்லை.

இப்போது அந்த ஒற்றைப் பக்கம் திரையில் விரிந்தது. வெள்ளைப் பக்கம், நடுவில் பழுப்பு அடுப்பு, கீழே கடைப் பெயர். சுண்டு நுனிக்காலில் நின்றான்.

அவன் தொழில்காரனாக மாறி, கோப்பை வரைகலை மென்பொருளில் திறந்தான்.

"நல்ல வேளை, கோடாத்தான் இருக்கு," என்றான்.

"அப்படின்னா?"

"போட்டோ மாதிரி புள்ளிபுள்ளியா இல்ல. நான் போட்ட கோடு அப்படியே உள்ள இருக்கு. எந்த சைஸ் வேணாலும் எடுத்துக்கலாம், உடையாது. தம்பி போட்ட வெப்சைட் என்ன பண்ணிருக்குன்னா, முதல்ல இத வெள்ளைப் பேப்பரோட சேத்துச் சின்னதா ஒரு படம் புடிச்சிருக்கு. அப்புறம் வெள்ளையா இருக்கிறத எல்லாம் தூக்கியிருக்கு. ஓரத்துல பழுப்பும் வெள்ளையும் கலந்த புள்ளிகள் இருக்குமில்ல, அது முழு வெள்ளை இல்லாததால அப்படியே நின்னுருச்சு. அதான் பிசிறு."

"சரி. அவனை ஏன் தூக்குச்சு?"

"அவனும் வெள்ளைதானே."

அவள் இப்போது உட்கார்ந்தாள்.

"இந்தப் பக்கத்தோட வெள்ளை இருக்கே, அது நிஜத்துல ஒண்ணுமே இல்ல," என்று அவன் விளக்கினான். "கம்ப்யூட்டர் சும்மா பேப்பர் மாதிரி காட்டுது. அவனோட வெள்ளை அப்படி இல்ல, அது பூசின வெள்ளை. பக்கத்தை விட்டுட்டு வரைஞ்சத மட்டும் எடுத்தா அவன் வெள்ளையாவே வருவான். நேரா இதுலேர்ந்தே எடுத்துத் தரேன், இரு."

பின்னணியை மறைத்தான். திரையில் வெள்ளைப் பக்கம் போய், ஒன்றுமில்லாத இடம் என்பதைக் காட்டும் சாம்பல் சதுரக் கட்டங்கள் வந்தன. அடுப்பைச் சுற்றிலும் கட்டங்கள்.

சுண்டுவுக்குள்ளும் கட்டங்கள்.

அவன் கை சுட்டியின் மேல் அப்படியே நின்றது. நிறங்களை எடுத்துவிட்டுக் கோடுகளை மட்டும் காட்டச் சொன்னான். அடுப்பின் வெளிக்கோடும் பையனின் கோடும் ஒரே வடிவமாகப் பிணைந்திருந்தன. அடுப்பை வரைந்து, அதிலிருந்து பையனை வெட்டி எடுத்திருக்கிறான். அவன் நினைத்திருந்த வெள்ளைப் பூச்சு அங்கே இல்லவே இல்லை.

"என்ன?" என்றாள் அவள்.

"பூசல," என்றான். "ஓட்டையா விட்டிருக்கேன்."

"யாரு?"

"நான்தான். பெட்டிக்கு ஒரே மை, பழுப்பு. வெள்ளை மை அடிக்க முடியாது. பெட்டியோட அட்டையே வெள்ளை, அதனால அவன் இருக்கிற இடத்துல மை படாம விட்டாப் போதும்னு பண்ணிருக்கேன். அப்ப அதுதான் சரி. தம்பி மேல தப்பில்ல. நானே எடுத்திருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும்."

"அப்ப அவன் அங்க இல்லவே இல்லையா? இத்தனை நாளும்?"

கீழே சாவிச் சக்கரம் கிறீச்சென்று ஓடி நின்றது. முதலாளி போனில், "அதெல்லாம் பாத்துக்கலாம், பாத்துக்கலாம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"பூசிறலாம்," என்றான் கடைசியில். "இப்பவே."

அடுப்பின் உள்ளே இருந்த கோட்டை மட்டும் தனியாகப் பிரித்து ஒரு நகல் எடுத்தான். அதற்கு வெள்ளை நிறம் கொடுத்து, பழுப்பு அடுப்புக்குப் பின்னால் வைத்தான். இரண்டும் சேரும் இடத்தில் மயிரிழை அளவுகூட இடைவெளி தெரியாமல் இருக்க, வெள்ளையை எல்லாப் பக்கமும் துளி பெரிதாக்கினான். அதைச் சரிபார்ப்பதற்காகப் பக்கத்தில் போய், கோட்டின் மேலேயே மெல்ல நகர்ந்தான். கழுத்து. காதின் சின்னப் புடைப்பு. உயர்த்திய கையின் மணிக்கட்டு. உச்சந்தலையின் முடிக்கொத்து. அதை மூன்றே புள்ளிகளில் போட்டிருந்தான். அன்றைக்கு அவசரம். கடைப் பெயர் எழுத்துகளின் வயிற்றில் இருந்த ஓட்டைகளை ஓட்டைகளாகவே விட்டான், அவை அப்படித்தான் இருக்க வேண்டும். பிறகு அடியில் தற்காலிகமாக ஒரு கறுப்புக் கட்டம் போட்டுப் பார்த்தான்.

கறுப்பின் மேல் பழுப்பு அடுப்பு. அதன் நடுவே வெள்ளை வெளேரென்று சுண்டு.

அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். "ம்," என்றாள்.

அவன் கறுப்புக் கட்டத்தை நீக்கிவிட்டு, படத்தைச் சுற்றி இருந்த வெற்றிடத்தைச் சதுரமாக வெட்டினான். ஆயிரத்து இருபத்து நாலு பிக்சலில் முதல் படம். அடுத்தது ஐந்நூற்றுப் பன்னிரண்டு. பெரியதைச் சுருக்காமல், ஒவ்வொன்றையும் மூலக் கோட்டிலிருந்தே புதிதாக எடுத்தான். இரண்டும் பளிச்சென்று வந்தன. நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் கடைப் பெயர் படிக்க முடியாமல் போனது. "பேரை எடுத்துட்டு அடுப்பை மட்டும் பெருசா வெக்கிறேன். பக்கத்துல அவங்களே கடைப் பேர் போட்டிருக்காங்க," என்றான். அவள் தலையசைத்தாள்.

கடைசி அளவு முப்பத்திரண்டு. தெரு வரைபடத்தில் கடை இருக்கும் இடத்தைக் காட்டுவதற்கு.

எடுத்து, இருவரும் குனிந்து பார்த்தார்கள். பழுப்பு வளைவுக்குள் ஏதோ வெளுப்பாக நின்றது. கை உடம்போடு ஒட்டிக்கொண்டது. முடிக்கொத்து இல்லை. தூக்கிய குதிகால் இல்லை.

"மெழுகுவத்தி மாதிரி இருக்கான்," என்றாள்.

"குதிகாலுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கல. அதான் மங்கிப் போச்சு. இரு, சரி பண்றேன்."

அடுப்பின் அளவை விட்டுவிட்டுப் பையனை மட்டும் பெரிதாக்கினான். மறுபடி எடுத்தான். இப்போது கை தெரிந்தது, ஆனால் தலை அடுப்பின் வளைவில் போய் முட்டியது. கையைக் கொஞ்சம் தடிமனாக்கி, உடம்பிலிருந்து ஒரு பிக்சல் தள்ளி வைத்தான். ஏதோ செடி போல வந்தது. கையைக் கீழே இறக்கினான். சாலை ஓரத்தில் நிற்கும் கம்பம் போல வந்தது. படத்தை ராட்சத அளவுக்குப் பெரிதாக்கி, சதுரம் சதுரமாக, இது வெள்ளை, இது பழுப்பு, இது பாதி வெள்ளை என்று கையாலேயே மாற்றத் தொடங்கினான். குதிகாலுக்கு ஒரு சதுரம் கொடுத்தால் கால் உடைந்தது போலத் தெரிந்தது. எடுத்தால் இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்றன. இரண்டு காலும் ஊன்றி சுண்டு நின்றதை யாரும் பார்த்ததில்லை.

"போதும், விடுங்க," என்றாள்.

"வந்துரும். இன்னும் கொஞ்சம்தான்."

"சின்னதுல அவன் வேண்டாம். வெறும் அடுப்பு மட்டும் போடுங்க."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். "நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன்."

"வெச்சுக்கலாம். முயற்சி பண்ணா ஒரு வழி கிடைக்கும். இந்தக் கைய மட்டும்..."

"ஏங்க." அவள் அவன் மணிக்கட்டின் மேல் கையை வைத்தாள். காய்ந்த மாவு உதிர்ந்து விசைப்பலகையில் விழுந்தது. "அவனை எடுத்துருன்னு நீங்கதான் என்கிட்டச் சண்ட போட்டீங்க. வீட்டை விட்டே போனீங்க. இப்ப ஒரு புள்ளிக்காக இவ்வளவு நேரமா மல்லுக்கட்டறீங்க."

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கியது. துடைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "அப்ப எடுக்கணும்னுதான் தோணுச்சு," என்றான். "இப்ப என் கையால எடுக்க வரல."

"எனக்கு மட்டும் வருதா? மெழுகுவத்தியா, செடியா, கம்பமா நிக்க வேண்டாம்னு சொல்றேன். அவனா இருந்தா இருக்கட்டும். இல்லைன்னா வேண்டாம்."

பிள்ளை போன பிறகு இருவரும் ஒரே விஷயத்துக்காக ஒன்றாக அழுதது அதுதான் முதல் தடவை. முன்பெல்லாம் முறை வைத்தது போல ஒருவர் அழும்போது மற்றவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்கள். முதலாளி போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். என்ன புரிந்ததோ, தொப்பியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கீழே இறங்கிப் போனார்.

சிறியதில் வெறும் அடுப்பை வைத்து எடுத்தான். துல்லியமாக, அழகாக வந்தது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. நான்கு படங்களையும் ஒரு பொதியாக்கி அவளுக்கு அனுப்பினான். அவள் போன் அதிர்ந்தது. எழுந்திருக்கப் போனவள், மறுபடியும் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு பெருசு வேணாலும் எடுக்கலாம்னு சொன்னீங்களே. உடையாதுன்னு."

"ஆமா."

"அவன் உயரத்துக்கு எடுக்க முடியுமா?"

"அவன் உயரம் எவ்வளவுன்னு..."

"தொண்ணூத்தெட்டு சென்டிமீட்டர். ஆஸ்பத்திரில சேக்கும்போது அளந்தாங்க. மருந்து கணக்குப் போடறதுக்கு."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவனும் அதைப் பார்க்கத்தான் விரும்பினான். அடுப்பை மறைத்துவிட்டுப் பையனை மட்டும் வைத்து, உயரக் கட்டத்தில் தொண்ணூற்றெட்டு என்று தட்டி, அடியில் அடுப்பின் பழுப்பையே பின்னணியாகக் கொடுத்தான். கணினி சற்று யோசித்தது. பிறகு நிஜ அளவில் காட்டச் சொன்னான்.

திரை முழுக்க ஒரு வெள்ளை வளைவு வந்து நின்றது. அத்தனை பெரிய உருவம் அந்தத் திரைக்குள் அடங்காது. தெரிந்தது தூக்கிய குதிகாலும் கெண்டைக்காலின் ஆரம்பமும்தான். அந்த ஓரம் கத்தியால் சீவியது போல இருந்தது. எங்கும் ஒரு பிசிறில்லை.

அவள் கையை நீட்டி, உள்ளங்கையைக் குதிகாலுக்கு அடியில் வைத்தாள். அளவு சரியாக இருந்தது. அவனைக் குளிப்பாட்டும்போது அப்படித்தான் பிடிப்பாள்.

"மேல போங்க," என்றாள்.

அவன் மெல்ல நகர்த்தினான். முழங்கால் மடிப்பு. இடுப்பு. முதுகு. முதுகு வந்தபோது திரையில் வெள்ளையைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவள் அந்த வெள்ளையையே பார்த்தாள். சட்டையின் சுருக்கம் இல்லை. இடது தோள்பட்டையில் இருந்த கடுகளவு மச்சம் இல்லை. அவன் எதை வரையவில்லையோ, அது எவ்வளவு பெரிதாக்கினாலும் வரப்போவதில்லை. அது அவனுக்கு முதலிலேயே தெரியும். அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"இவ்வளவு பெருசா இருக்கு," என்றாள் தணிந்த குரலில். "உள்ள ஒண்ணுமே இல்லையே."

"ஓரத்த மட்டும்தான் போட்டேன். மத்ததெல்லாம் போடணும்னு அப்ப தோணல. ஆள் பக்கத்துலயே நின்னுட்டிருந்தான்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். எழுந்து, சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மாவு கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அவன் அதைச் சொல்லலாமா என்று யோசித்து, சொல்லவில்லை.

"அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்றேன்," என்றாள். "கடைக்கு மேலயே ஒரு ரூம் இருக்கு. அது போதும் எனக்கு."

"சாமான் தூக்க நான் வரட்டுமா?"

அவள் யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள், அது அவனுக்குத் தெரிந்தது.

"வேண்டாம்," என்றாள். "நீங்க வந்தீங்கன்னா நான் எதையும் கட்ட மாட்டேன். அங்கேயே உக்காந்துருவேன்."

படியிறங்கும் சத்தம் கேட்டது. பாதியில் ஒரு தடவை நின்றது. பிறகு இறங்கிப் போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா வந்தாள். கையில் அச்சகத்திலிருந்து கொண்டுவந்த தாள்கள். "யாரு என் நாற்காலியத் தூக்கினது?" என்று ஆரம்பித்தவள், அவன் திரையைப் பார்த்து நின்றாள். முழுக்க வெள்ளை.

"என்ன சார், கம்ப்யூட்டர் போச்சா?"

அவன் படத்தைச் சுருக்கினான். வெள்ளை ஒடுங்கி, முதுகாகி, கழுத்தும் கையும் காலுமாகி, பழுப்பு நிறத்துக்கு நடுவே நுனிக்காலில் எம்பி நிற்கும் பையனானது.

"அட," என்றாள் அக்கா. முகம் மலர்ந்துவிட்டது. "எதை இப்படி எட்டிப் பாக்கிறான்? யாரு இது?"

"என் பையன்."

"உங்களுக்குப் பையன் இருக்கானா? ரெண்டு வருஷமா பக்கத்துல உக்காந்திருக்கேன், ஒரு வார்த்த சொல்லல நீங்க." அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "இது எத்தனை வயசுல?"

"நாலு."

"பழைய படமா? இப்ப நல்லா வளந்திருப்பானே. எவ்வளவு உயரம் இருக்கான்?"

உயரக் கட்டத்தில் தொண்ணூற்றெட்டு என்று இன்னும் இருந்தது. அவன் அதைப் பார்த்தான்.

"அவ்வளவுதான்," என்றான்.

பேச்சை முடித்துக்கொள்கிறான் என்று அவள் முதலில் நினைத்தாள். முகம் கொஞ்சம் சுருங்கியது. தாள்களை எடுக்கத் திரும்பியவள், பாதியில் நின்று அவனைப் பார்த்தாள். அவன் கண்களை. திரையில் இருந்த எண்ணை. மறுபடி அவனை. கையில் இருந்த தாள்களைச் சத்தம் வராமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பேரு என்ன சார்?" என்று கேட்டாள்.

அவன் சொன்னான். பழக்கம் விட்டுப்போனதாலோ என்னவோ, பாதிதான் வெளியே வந்தது. அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.